விலை அப்படியே, தேதியும் வாஷிங் மெஷினும் உங்களுக்கு: ஒன்ராறியோவில் முதன்முறை வீடு விற்பவருக்கான வழிகாட்டி

ஸ்கார்பரோவில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் வீட்டுக் கைமாற்றக் கோப்புகளைப் பார்ப்பதுதான் என் வேலை. விலைபேசும்போது நான் அருகில் இருப்பதில்லை. பேசி முடித்து எழுதிய தாள்தான் என் மேசைக்கு வரும். அந்தத் தாளில் எது சரியாக எழுதப்படவில்லையோ அது, பணமும் வீடும் கைமாறும் குளோசிங் நாளன்று தொலைபேசியில் என்னைக் கூப்பிடும். அதனால் விலையைக் குறைக்காமல் எதிர் ஆஃபர் கொடுப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் கேட்டால், தந்திரத்தை விட எழுத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன். இங்கேயும் அப்படித்தான்.

விளக்குவதற்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ரொறன்ரோ நகர எல்லைக்குள் ஒரு வீடு, கேட்ட விலை 948,000 டொலர். ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை மாலை ஓர் ஆஃபர் வருகிறது: விலை 915,000, குளோசிங் மே 29, வங்கிக் கடன் உறுதியாக 5 வங்கி நாட்கள் அவகாசம். விற்பவர் பட்டியலில் கொடுப்பதாகச் சொன்ன அடுப்பு, ஃபிரிட்ஜ், டிஷ்வாஷர் ஆகியவற்றோடு வாஷிங் மெஷின், டிரையர், சாப்பாட்டு அறையின் தொங்கும் சரவிளக்கு ஆகியவற்றையும் கேட்டிருக்கிறார்கள். இடைவெளி 33,000 டொலர். விற்பவர் குடும்பம் மார்க்கம் நகரில் வாங்கியிருக்கும் கொண்டோ கைக்கு வருவது ஜூன் 22. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்குப் பள்ளி முடிவதும் அந்த மாதக் கடைசியில்தான்.

முதலில் விலையை நிறுத்தி வைக்க முடியுமா என்று பாருங்கள்

நான் குறைக்கமாட்டேன் என்று சொல்ல யாராலும் முடியும். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் அதே சுற்றுவட்டாரத்தில், அதே அளவிலான வீடுகள் என்ன விலைக்குக் கைமாறின என்று முகவரிடம் கேளுங்கள். கேட்ட விலை அல்ல, விற்ற விலை. அவை 940,000இலிருந்து 960,000 வரை இருந்தால் 948,000இல் நிற்கலாம். 910,000ஐச் சுற்றி இருந்தால் நிற்காதீர்கள். வாங்குபவர் சம்மதித்தாலும் அவருடைய வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் சம்மதிக்கமாட்டார், கடன் நிபந்தனையில் ஆஃபர் விழுந்துவிடும். ஒரு கிழமை வீணாகும், அடுத்து வருகிறவரும் ஏன் விழுந்தது என்று கேட்பார்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். தேதியும் பொருட்களும் 33,000 டொலரை நிரப்பாது. ஆனால் வாங்குபவர் 33,000 குறைத்து எழுதும்போது அவர் மனதில் உண்மையில் இருக்கும் எண் வேறாக இருக்கலாம். எழுதியதற்கும் கொடுக்கத் தயாராக இருப்பதற்கும் நடுவே மீதமிருக்கிற கடைசித் துண்டை நிரப்பத்தான் இவை பயன்படும்.

தேதியைப் பற்றிக் கேளுங்கள், பணத்தைப் பற்றி வேண்டாம்

உங்கள் முகவர் அவர்கள் முகவரை அழைத்து, உங்கள் ஆட்கள் எவ்வளவு வரை போவார்கள் என்று கேட்டால் பதில் வராது, வரவும் கூடாது. மே 29 ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் வரும். நம் கணக்கில் வந்த பதில் இது: அவர்கள் இருவரும் ஒரு பேஸ்மென்டில் மாத வாடகைக்கு இருக்கிறார்கள், வாடகை 2,100 டொலர். விற்பவருக்கு அவசரம் இருக்கும் என்று நினைத்துச் சீக்கிரத் தேதியைப் போட்டார்களாம். வங்கி உறுதி செய்து வைத்திருக்கும் வட்டி விகிதம் ஜூலை 8 வரை.

இந்த மூன்று துணுக்குகளில் எதிர் ஆஃபரின் பாதி இருக்கிறது. ஒன்ராறியோவில் மாத வாடகைக்கு இருப்பவர் வீட்டை விட்டுப் போக குறைந்தது 60 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த 60 நாளும் முடிந்தபின் வரும் வாடகைக் காலத்தின் கடைசி நாள்தான் கணக்கு. கடன் உறுதியாகி ஏப்ரல் 20 வாக்கில் அறிவிப்புக் கொடுத்தால் 60 நாள் ஜூன் 19இல் முடியும், ஆனால் வாடகை ஜூன் 30 வரை ஓடும். மே 29இல் வீட்டை வாங்கினால் ஜூன் மாதம் முழுவதும் சொந்த வீட்டின் கடனையும் கட்டி, காலியான பேஸ்மென்டுக்கு 2,100ம் கட்ட வேண்டும். அவர்களே போட்ட தேதி அவர்களுக்கே நட்டம்.

விற்பவருக்கோ மே 29 என்றால் மூன்று கிழமைக்கு மேல் வேறு யார் வீட்டிலாவது தங்க வேண்டும், சாமான்களை எங்காவது வாடகைக்குப் போட்டு வைக்க வேண்டும், இரண்டு முறை லொறி பிடிக்க வேண்டும். ஆக ஜூன் கடைசி இரண்டு பக்கத்துக்கும் நல்லது. இதைத் தியாகம் செய்வது போலக் காட்டத் தேவையில்லை. வாடகை விஷயத்தைக் கேட்டோம், இந்தத் தேதி உங்களுக்கும் ஒத்துவரும் என்று நினைத்தோம் என்று முகவர் சொன்னால் போதும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது

நம் கணக்கில் நாங்கள் போடுவது ஜூன் 25, வியாழக்கிழமை. ஏன் 30 இல்லை? மாதக் கடைசி நாளிலும் வெள்ளிக்கிழமைகளிலும் எல்லோரும் வீடு மாற்றுவார்கள். வங்கியிலிருந்து பணம் வரத் தாமதமாகும், சட்டத்தரணி அலுவலகங்களில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. 30ஆம் திகதி ஏதாவது பிசகினால் மறுநாள் ஜூலை 1, கனடா தினம், விடுமுறை. வியாழன் பிசகினால் வெள்ளி இருக்கிறது. வாங்குபவர்களுக்கு ஜூன் 25இலிருந்து 30 வரை ஐந்து நாள் இரண்டு வீடும் கையில் இருக்கும். பெயின்ட் அடிக்கலாம், பால் காய்ச்சிக் குடிபுகலாம், அவசரமில்லாமல் சாமான் ஏற்றலாம். ஜூலை 8க்கு முன்பே முடிவதால் வட்டி உறுதியும் போகாது.

சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களைக் குளோசிங் நாளாகப் போடாதீர்கள். அன்று பத்திரப் பதிவு இல்லை.

விற்பவர் பக்கத்தில் இரண்டு கணக்கு பார்க்க வேண்டும். கொண்டோவுக்கு ஜூன் 22இல் பணம் கட்ட வேண்டும், வீட்டுப் பணம் 25இல்தான் வரும். நடுவில் மூன்று நாளுக்கு வங்கியிடம் இணைப்புக் கடன் வாங்கலாம். அதற்கு விற்கும் ஒப்பந்தம் நிபந்தனை எல்லாம் நீங்கி உறுதியாகியிருக்க வேண்டும் என்று வங்கி எதிர்பார்க்கும், அதனால் எதிர் ஆஃபர் கொடுக்கும் முன்பே வங்கியிடம் பேசிவிடுங்கள். அடுத்தது உங்கள் பழைய கடன். நிலையான வட்டிக் கடனைத் தவணை முடியும் முன் அடைத்தால் அபராதம் வரும். அந்த எண்ணை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில சமயம் குளோசிங்கை ஒரு மாதம் தள்ளுவதே அபராதத்தை இல்லாமல் செய்துவிடும், சில சமயம் அது ஒன்றும் மாறாது.

எந்தப் பொருளைக் கொடுப்பது

இங்கே சட்டம் எளிமையானதுதான், ஆனால் பலரைக் கவிழ்க்கும். சுவரிலோ கூரையிலோ தரையிலோ பொருத்தப்பட்டது வீட்டோடு போகும், ஒப்பந்தத்தில் விலக்கு என்று எழுதினால்தான் தப்பும். பொருத்தப்படாத, சும்மா வைத்திருக்கும் பொருள் உங்களோடு போகும், ஒப்பந்தத்தில் சேர்த்து எழுதினால்தான் வீட்டோடு போகும். ஒன்ராறியோவில் வழக்கமாகப் பயன்படும் விற்பனை ஒப்பந்தமான படிவம் 100இல் இவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு: சேர்த்துக் கொடுக்கும் அசையும் பொருட்கள், விலக்கிய பொருத்தப்பட்ட பொருட்கள், வாடகைக்கு எடுத்த பொருட்கள்.

நம் ஆட்களின் வீடுகளில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் சாமி அறை. ஊரிலிருந்து கொண்டுவந்த மர மண்டபத்தைச் சுவரோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் அது பொருத்தப்பட்ட பொருள். விலக்கு என்று எழுதாமல் கழற்றிக்கொண்டு போனால் வாங்கியவர் கேள்வி கேட்கலாம், அவர் சாமி கும்பிடாதவராக இருந்தாலும். தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடி உங்களுடையது. நிலத்தில் நட்டது வீட்டுடையது.

கொடுப்பதற்கு ஏற்ற பொருள் எது? உங்கள் கையில் விலை போகாததும் அவர்கள் கையில் விலை உள்ளதும். இரண்டு வருடம் ஓடிய வாஷிங் மெஷினையும் டிரையரையும் விற்றால் 800 டொலர் கிடைக்கலாம், அதுவும் யாராவது வந்து படியில் இறக்கிக்கொண்டு போனால். கொண்டோவில் ஏற்கெனவே ஒன்று இருப்பதால் கொண்டு போகவும் முடியாது. அவர்கள் புதிதாக வாங்கினால் 2,500 வரை ஆகும்.

அந்த 2,500 அவர்களுக்கு ஏன் கனமானது என்று பாருங்கள். ரொறன்ரோவில் வீடு வாங்குபவர் மாகாணத்துக்கு ஒன்றும் நகரத்துக்கு ஒன்றுமாக இரண்டு கைமாற்ற வரி கட்டுகிறார். 948,000 டொலர் வீட்டுக்கு இரண்டும் சேர்ந்து 30,870. முதல் வீடு என்றால் 8,475 வரை கழிவு உண்டு, அது போகவும் 22,395 டொலரைக் குளோசிங் அன்று ரொக்கமாக வைத்திருக்க வேண்டும். விலையில் இருக்கும் 33,000 வித்தியாசத்தை முழுவதும் கடனில் சேர்த்தால், 4.5 வீத வட்டியில் 25 வருடத்துக்கு மாதம் 180 டொலருக்குக் கொஞ்சம் மேல் வரும். வாஷிங் மெஷின் மாதக் கணக்கில் வராது. கையில் காசு வறண்டிருக்கும் அதே கிழமையில் கடன் அட்டையைத் தேய்க்க வேண்டிய செலவு அது. இதனால்தான் சிறிய பொருள்கள் அவற்றின் விலையை விடப் பெரிதாகப் பேசும்.

பொருளுக்குப் பதிலாகக் குளோசிங் முடிந்ததும் கையில் 5,000 தந்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். ஒப்பந்தத்தில் இல்லாத, கடன் கொடுக்கும் வங்கிக்குத் தெரியாத பணம் வங்கியை ஏமாற்றுவதாகிவிடும். கொடுப்பது எதுவானாலும் தாளில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் முதல் சுற்றிலேயே கொடுத்துவிடாதீர்கள். நம் கணக்கில் முதல் சுற்றில் ஜூன் 25ம் வாஷிங் மெஷினும் டிரையரும். சரவிளக்கு இல்லை, அது விற்பவரின் தாயார் கொடுத்தது. கராஜில் இருக்கும் ஸ்னோ ப்ளோவரையும் புல்வெட்டும் இயந்திரத்தையும் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. கொண்டோவுக்குப் போகிறவருக்கு இரண்டும் சுமை. பேஸ்மென்டிலிருந்து வருகிறவருக்கு முதல் பனி விழும் காலையில் அவற்றின் அருமை தெரியும்.

தாளில் எழுதுவது

இங்கே எதிர் ஆஃபரைச் சைன் பேக் என்பார்கள். வந்த ஆஃபரிலேயே மாற்ற வேண்டியதை வெட்டி, பக்கத்தில் புதியதை எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் விற்பவர்கள் அனைவரும் சுருக்கொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவது. இப்போது எல்லாம் திரையில் நடந்தாலும் முறை அதுதான். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் ஒவ்வொரு இடத்திலும் ஒப்பமிட வேண்டும்.

திருத்தியதும் ஒன்று நடந்துவிடுகிறது, அதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. அவர்கள் கொடுத்த 915,000 ஆஃபர் அந்த நொடியில் செத்துவிடும். அவர்கள் வேண்டாம் என்று சொன்னபின், சரி, பழைய விலைக்கே தருகிறேன் என்று நீங்கள் அதில் ஒப்பமிட முடியாது. இது 1840இல் இங்கிலாந்தில் ஹைட் எதிர் ரெஞ்ச் என்ற வழக்கில் தீர்ப்பான விதி. ஒரு பண்ணையை 1,000 பவுணுக்குத் தருகிறேன் என்றார் ஒருவர், மற்றவர் 950 தருகிறேன் என்றார், மறுக்கப்பட்டதும் 1,000க்கே எடுக்கிறேன் என்று திரும்பினார். ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். அதனால் 915,000ஐ இழந்தாலும் பரவாயில்லை என்றால் மட்டும் பேனாவை எடுங்கள்.

நம் கணக்கில் மாறும் இடங்கள் இவை:

- விலை: 915,000 வெட்டி 948,000.
- குளோசிங்: மே 29 வெட்டி ஜூன் 25.
- உரிமைத் தேடல் முடியும் நாள்: வீட்டின் உரிமையில் சிக்கல் உண்டா என்று வாங்குபவரின் சட்டத்தரணி பார்த்து முடிக்க வேண்டிய நாள். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். குளோசிங்கை ஒரு மாதம் தள்ளினால் இதுவும் நகர வேண்டும். உங்கள் சட்டத்தரணியிடம் நாளைக் கேட்டு எழுதுங்கள்.
- சேர்த்துக் கொடுப்பவை: வாஷிங் மெஷின், டிரையர். நிறுவனப் பெயர், நிறம், இப்போது இருக்கும் இடம் எல்லாம்.
- விலக்கியவை: சாப்பாட்டு அறைச் சரவிளக்கு, சாமி மண்டபம்.
- செல்லுபடி நேரம்: இந்த நேரம் வரை ஆஃபரைத் திரும்பப் பெற முடியாது என்று வாங்குபவரைக் கட்டிப்போட்ட இடம் இப்போது விற்பவரைக் கட்டிப்போடும். அதிலும் பெயரையும் நாளையும் நேரத்தையும் மாற்ற வேண்டும்.

மற்றதைத் தொடாதீர்கள். கடன் நிபந்தனையின் ஐந்து நாளை மூன்றாக்கலாமே என்று கை அரிக்கும், விடுங்கள். விலையில் அசையாமல் நிற்பவர் மற்ற எல்லாவற்றிலும் கீறினால் முரண்டு பிடிக்கிறார் என்றுதான் தோன்றும்.

எழுத்தில் துல்லியம் ஏன் என்பதற்கு ஒரு கோப்பு நினைவிருக்கிறது. ஒப்பந்தத்தில் ஃபிரிட்ஜ் என்று மட்டும் இருந்தது. சமையலறையில் இருந்த வெள்ளி நிறப் புதியதைக் கொண்டுபோய்விட்டு, பேஸ்மென்டில் இருந்த பழைய வெள்ளைப் பெட்டியை அந்த இடத்தில் நிறுத்திவிட்டார் விற்றவர். ஃபிரிட்ஜ் இருக்கிறதே என்பது அவர் வாதம். இரண்டு சட்டத்தரணிகள், ஐந்தாறு கடிதங்கள், கடைசியில் அந்தப் பெட்டியின் விலையை விட அதிகமாகச் செலவு.

பழைய இயந்திரத்தைக் கொடுப்பதாக இருந்தால், குளோசிங் அன்று நன்றாக இயங்கும் என்ற உறுதிமொழி அதற்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால், இருக்கும் நிலையிலேயே தரப்படுகிறது என்று அந்தப் பொருளுக்கு மட்டும் எழுதுங்கள். சுடுதண்ணீர்த் தாங்கி உங்களுடையதா, வாடகையா என்று மாத பில்லைப் பார்த்து உறுதி செய்யாமல் அதைச் சேர்த்துக் கொடுப்பவையில் எழுதிவிடாதீர்கள். வாடகை என்றால் பணம் கொடுத்து மீட்டுத் தர வேண்டியவர் நீங்கள்தான்.

நேரம், அப்புறம் இரண்டாவது சுற்று

செல்லுபடி நேரம் மிக நீளமாக இருந்தால் உங்கள் எதிர் ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் சனிக்கிழமை வேறு வீடுகள் பார்ப்பார்கள். மிகக் குறுகியிருந்தால் குடும்பத்தில் பேச நேரமில்லாமல் மறுத்துவிடுவார்கள். வெள்ளி இரவு 8 மணிக்கு அனுப்பினால் சனி மதியம் 2 மணி வரை கொடுப்பேன். அந்த நேரத்துக்குள் வேறு ஓர் ஆஃபர் வந்தால் அதற்கும் ஒப்பமிட்டு அனுப்பிவிடாதீர்கள். இருவரும் ஏற்றுக்கொண்டால் ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்றவராவீர்கள்.

சனி மதியம் பதில் வருகிறது: விலை 936,000, ஜூன் 25 சரி, வாஷிங் மெஷின் டிரையர் சரி. கொடுத்ததையெல்லாம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விலையையும் குறைக்கிறார்கள். கோபப்பட வேண்டாம், இதுதான் வழக்கம். அவர்கள் 915இலிருந்து 936க்கு ஏறிவிட்டார்கள், இடைவெளி 12,000. கடனில் மாதம் 66 டொலர். இப்போது அவர்களுடைய திருத்தமும் பழைய எதிர் ஆஃபரைச் சாகடித்துவிட்டது, அதனால் நீங்கள் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முகவர் தொலைபேசியில் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: தேதியும் இயந்திரங்களும் 948,000க்கானவை, விலை இறங்கினால் அவையும் இறங்கும்.

அதோடு கராஜில் மறைத்து வைத்ததை வெளியே எடுங்கள். இரண்டாவது சைன் பேக்: 948,000, ஜூன் 25, வாஷிங் மெஷின், டிரையர், ஸ்னோ ப்ளோவர், புல்வெட்டி. குளோசிங்குக்கு முன் வீட்டை வந்து அளவெடுக்க முறைக்கு ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை அனுமதி. அவகாசம் இரவு 9 மணி வரை. இதற்கு மேல் கொடுக்க எதுவும் இல்லை என்பதையும் முகவர் சொல்லிவிடலாம், அது உண்மையாக இருந்தால்.

இந்தச் சுற்றிலும் அவர்கள் 942,000 என்று வந்தால் முடிவு உங்களுடையது. 6,000 டொலரை ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம் வீட்டை இன்னும் ஒரு மாதம் வைத்திருக்கும் செலவை வையுங்கள். 310,000 டொலர் கடன் மீதி, 5 வீத வட்டி என்றால் வட்டி மட்டும் நாளொன்றுக்கு 42 டொலருக்கு மேல், வீட்டு வரியும் காப்புறுதியும் சேர்த்தால் 60 பக்கம் வரும். மாதம் 1,800. அந்த ஒரு மாதத்தில் இதே விலைக்கு இன்னொருவர் வருவார் என்று விற்ற விலைகள் சொன்னால் நில்லுங்கள். கொண்டோவுக்குக் கட்ட வேண்டிய ஜூன் 22 நெருங்கி, வேறு யாரும் வீடு பார்க்க வரவில்லை என்றால் நிற்காதீர்கள்.

ஏற்றுக்கொண்டார்கள் என்றால், எல்லா மாற்றங்களிலும் அவர்கள் சுருக்கொப்பம் இருக்கிறதா, ஏற்ற நேரம் குறித்த பகுதி நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்து அன்றிரவே தாளைச் சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். முன்பணம் ஏற்றவுடன் என்று எழுதியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும். மறுநாள் காலை கராஜுக்கும் துணி துவைக்கும் அறைக்கும் போய் ஸ்னோ ப்ளோவர், புல்வெட்டி, வாஷிங் மெஷின், டிரையர் நான்கையும் அவற்றின் எண் தெரியப் படம் எடுத்து வையுங்கள். சாமி மண்டபத்தைக் கழற்றுவது ஜூன் வரை காத்திருக்கலாம், ஆனால் கழற்றியபின் சுவரில் இருக்கும் ஓட்டைகளைப் பூசி அடைத்துவிட்டுத் திறப்பைக் கொடுங்கள். அந்த ஓட்டைகளைப் பற்றி எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் கொஞ்சமல்ல.